பாதி அலை, பாதித் திறன்

தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரில் பெரும்பாலும் இரண்டு நிலைச் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒரு நிலையில் சூடு முழுதாக வரும், மற்றொன்றில் குறையும். பல டிரையர்களில் இந்தக் குறைப்பு வேலையைச் செய்வது ஒரேயொரு டையோடுதான். குறைந்த சூட்டுக்குச் சுவிட்சைத் தள்ளினால், அதுவரை நேரடியாக மின்சாரம் பெற்றுக்கொண்டிருந்த சூடேற்றும் கம்பிச்சுருள், இப்போது டையோடு வழியாகப் பெறத் தொடங்குகிறது. டையோடு ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும். நம் வீட்டு மின்சாரமோ நொடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு சுற்றும் 20 மில்லிநொடி. அதில் முதல் 10 மில்லிநொடி சுருளில் மின்னோட்டம் பாயும்; அடுத்த 10 மில்லிநொடி ஒன்றுமே பாயாது. சைன் அலையின் மேல்பாதி மட்டும் திமில் திமிலாக நிற்க, கீழ்ப்பாதி இருந்த இடம் வெறுமையாகிவிடும். இதுதான் அரை அலை திருத்தப்பட்ட மின்னோட்டம்.

இப்போது கேள்வி இதுதான்: முழு நிலையில் 1000 வாட் தரும் சுருள், டையோடு வழியாக எத்தனை வாட் தரும்?

கல்லூரி வகுப்பில் இதைக் கேட்டால் மூன்று விடைகள் வரும். பாதி நேரம் ஓடுகிறது, ஆகவே 500 வாட் என்பது முதல் விடை. மின்னோட்டம் பாதியாகிறது, திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே கால் பங்கு, 250 வாட் என்பது இரண்டாவது. மூன்றாவது விடை பாடநூலிலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டு வரும்: அரை அலையின் சராசரி மின்னோட்டம் பெரும மதிப்பை π-ஆல் வகுத்தது, அதை இருமடியாக்கி மின்தடையால் பெருக்கினால் 203 வாட். மூன்றும் கேட்கும்போது நியாயமாகவே இருக்கின்றன. சூத்திரங்களின் பலத்தைப் பார்த்தால் கடைசி விடைதான் கனமானதாகத் தெரியும். ஆனால் சரியானது முதல் விடை. அது ஏன் சரி, மற்ற இரண்டும் எந்த இடத்தில் வழுக்குகின்றன என்று பார்த்துவிட்டால், ஆர்.எம்.எஸ் மதிப்பு என்ற கருத்தின் உள்ளும் புறமும் விளங்கிவிடும்.

மின்னோட்டம் பாயும் கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இருமடி என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு ஓம் மின்தடையில் இரண்டு நொடிக்குச் சீராக 2 ஆம்பியர் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 4 ஜூல், ஆக மொத்தம் 8 ஜூல் வெப்பம். அதே மின்தடையில் முதல் நொடி 4 ஆம்பியர், அடுத்த நொடி ஒன்றுமில்லை என்று செலுத்திப் பார்ப்போம். சராசரி மின்னோட்டம் அதே 2 ஆம்பியர்தான். ஆனால் முதல் நொடியிலேயே 16 ஜூல் பிறந்துவிடுகிறது. சராசரி மாறவில்லை, வெப்பம் மட்டும் இரண்டு மடங்கு. மின்னோட்டம் விட்டு விட்டு வந்தால், சராசரியை இருமடியாக்கிப் பெறும் விடை எப்போதும் உண்மை வெப்பத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே வெப்பக் கணக்கில் வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு கணத்தின் மின்னோட்டத்தையும் இருமடியாக்க வேண்டும். பிறகு அந்த இருமடிகளின் சராசரியை எடுக்க வேண்டும். கடைசியாக அந்தச் சராசரிக்கு இருமடி மூலம் காண வேண்டும். கிடைப்பது சராசரி இருமடி மூல மதிப்பு, சுருக்கமாக ஆர்.எம்.எஸ். அந்த அளவு சீரான நேர்திசை மின்னோட்டம் அதே மின்தடையில் பாய்ந்தால் எவ்வளவு வெப்பம் தருமோ, அவ்வளவு வெப்பத்தை நம் மாறும் மின்னோட்டமும் தருகிறது என்று பொருள். இந்தச் சமன்பாட்டுக்கு அப்பால் ஆர்.எம்.எஸ்-க்கு வேறு மந்திரம் ஏதும் கிடையாது.

அரை அலைக்கு இதைச் செய்து பார்க்கத் தொகை நுண்கணிதம் தேவை என்று பாடநூல்கள் தொடங்கும். அதற்கு முன் காகிதமும் பென்சிலுமாக ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. ஒரு முழுச் சுற்றை 30 பாகை இடைவெளியில் 12 புள்ளிகளாகப் பிரித்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் பெரும மதிப்பு 1 என்று வைத்துக்கொண்டால், 0, 30, 60, 90, 120, 150 பாகைகளில் மின்னோட்டம் முறையே 0, 0.5, 0.866, 1, 0.866, 0.5. அதற்குப் பின் வரும் ஆறு புள்ளிகளிலும் டையோடு தடுத்துவிடுவதால் பூச்சியம். இவற்றின் இருமடிகள் 0, 0.25, 0.75, 1, 0.75, 0.25; மற்றவை பூச்சியம். கூட்டினால் 3. பன்னிரண்டால் வகுத்தால் 0.25. அதன் இருமடி மூலம் 0.5.

ஆக, அரை அலையின் ஆர்.எம்.எஸ் மதிப்பு பெரும மதிப்பில் சரிபாதி. பன்னிரண்டே புள்ளிகளில் தோராயமில்லாத விடை கிடைப்பது தற்செயல் இல்லை. சைனின் இருமடியும் கொசைனின் இருமடியும் சேர்ந்தால் எப்போதும் 1. இரண்டும் ஒரே வடிவம், சற்று நகர்த்தி வைக்கப்பட்டவை, அவ்வளவே. ஆகவே ஒன்றின் சராசரியும் மற்றதன் சராசரியும் சமம், இரண்டும் தலா 1/2. ஒரு அரைச்சுற்றில் இருமடியின் சராசரி 1/2. அடுத்த அரைச்சுற்றில் ஒன்றுமே இல்லை. முழுச்சுற்றுக்குப் பார்த்தால் 1/4. நுண்கணித மொழியில் எழுதினால்:

I_rms² = (1/2π) ∫₀^π I_m² sin²θ dθ = (1/2π) · I_m² · (π/2) = I_m²/4

I_rms = I_m/2

தொகையின் எல்லை 0 முதல் π வரை, வகுப்பதோ 2π-ஆல். தேர்வுத் தாள்களில் மிகப் பலர் தவறும் இடம் இதுதான். மின்னோட்டம் இருக்கும் நேரத்துக்கு மட்டும் கூட்டுகிறோம் என்பதால், வகுப்பதையும் அந்த நேரத்தாலேயே வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் I_m/√2 வரும். அது டையோடே இல்லாத முழு சைன் அலையின் மதிப்பு. டையோடு போட்ட பிறகும் அதே விடை வருகிறதே என்று அங்கேயே சந்தேகம் வர வேண்டும். மின்னோட்டம் ஓய்ந்திருக்கும் நேரமும் சுற்றின் பகுதிதான். சுருள் அப்போதும் குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சராசரி மின்னோட்டத்துக்கும் அதே பன்னிரண்டு புள்ளிகளைப் பயன்படுத்தலாம். 0.5, 0.866, 1, 0.866, 0.5 ஆகியவற்றின் கூட்டல் 3.732, பன்னிரண்டால் வகுத்தால் 0.311. இம்முறை இது தோராயம்தான். சரியான மதிப்பு I_m/π, அதாவது 0.318 மடங்கு. ஆர்.எம்.எஸ் 0.5, சராசரி 0.318: ஒரே மின்னோட்டத்துக்கு இரண்டு எண்கள். இரண்டுக்கும் இடையிலான விகிதம் π/2, அதாவது 1.57. மின்னோட்டம் எவ்வளவு விட்டு விட்டு வருகிறதோ அவ்வளவுக்கு இந்த விகிதம் 1-ஐ விட்டு விலகும்.

இப்போது டிரையருக்கு வருவோம். காற்றாடி மோட்டாரின் கணக்கை ஒதுக்கிவிட்டுச் சுருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் அதன் மின்தடை 230 × 230 / 1000, அதாவது 52.9 ஓம். 230 வோல்ட் என்பதே ஆர்.எம்.எஸ் மதிப்பு, பெரும மின்னழுத்தம் அதை √2-ஆல் பெருக்கியது, 325 வோல்ட். ஆகவே பெரும மின்னோட்டம் 325 / 52.9, ஏறத்தாழ 6.15 ஆம்பியர். டையோடு இல்லாதபோது ஆர்.எம்.எஸ் மின்னோட்டம் 4.35 ஆம்பியர். டையோடு வந்த பிறகு 6.15-இல் பாதி, 3.07 ஆம்பியர். சராசரித் திறன்:

P = I_rms² R = 3.074² × 52.9 = 500 வாட்

250 வாட் என்று சொன்னவர் வழுக்கிய இடம் இப்போது தெரியும். மின்னோட்டம் பாதியானது என்று அவர் நினைத்தார். ஆனால் 4.35 பாதியாகவில்லை, √2-ஆல் வகுபட்டு 3.07 ஆனது. பாயும் நேரத்தில் மின்னோட்டம் கொஞ்சமும் குறையவில்லை, நேரம்தான் பாதியானது. நேரம் பாதியானால் இருமடிகளின் சராசரி பாதியாகும், ஆர்.எம்.எஸ் அதன் மூலம் என்பதால் 0.707 மடங்காகும். சூத்திரமே இல்லாமல் திறன் வழியாகவும் இதைச் சொல்லலாம். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் சுருளில் 325 × 6.15, அதாவது 2000 வாட் வெளிப்படுகிறது. பாயும் 10 மில்லிநொடியில் சராசரி 1000 வாட். ஓயும் 10 மில்லிநொடியில் 0. இரண்டுக்கும் சராசரி 500. டையோடு எந்தத் திமிலையும் சிதைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றை முழுதாக எடுத்துவிடுவதால்தான் கணக்கு இவ்வளவு எளிதாகிறது.

203 வாட் என்ற விடையின் கதை இன்னும் சுவையானது. அது வெறும் பிழை இல்லை. சுருளில் உண்மையிலேயே நிகழும் ஒன்றின் அளவு அது, ஆனால் முழு அளவு இல்லை. அரை அலை மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, சீராக ஓடும் நேர்திசைப் பங்கு: அது சராசரி மின்னோட்டமான 1.957 ஆம்பியர். மற்றது, அந்தச் சராசரிக்கு மேலும் கீழுமாக அலையும் மாறுதிசைப் பங்கு. அதன் சராசரி பூச்சியம். நேர்திசைப் பங்கு தரும் வெப்பம் 1.957² × 52.9, அதாவது 203 வாட். மீதி 297 வாட் அலையும் பங்கிலிருந்து வருகிறது. சராசரி பூச்சியமாக இருக்கும் பங்குதான் அதிக வெப்பம் தருகிறது என்பதைப் பலரும் முதலில் நம்ப மறுப்பார்கள். 203-ஐ 500-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 40.5 விழுக்காடு. அரை அலை திருத்தியின் உச்சத் திறமை என்று மின்னணுவியல் பாடநூல்கள் தரும் எண் இதுவே. நேர்திசை மின்சாரம் தயாரிக்க நினைப்பவருக்கு மீதி வெறும் அலைவு, அதனால் இழப்பு. முடியை உலர்த்துபவருக்கோ எல்லாமே சூடு.

இங்கே இன்னொரு பொறி காத்திருக்கிறது. திறன் என்றால் வோல்ட் பெருக்கல் ஆம்பியர்தானே என்று 230-ஐயும் 3.074-ஐயும் பெருக்குபவர்களுக்கு 707 கிடைக்கும். சுருள் வெறும் மின்தடை. மோட்டாரோ மின்தேக்கியோ இல்லை. பிறகு ஏன் 500 வரவில்லை? 230 வோல்ட் என்பது முழு அலையின் ஆர்.எம்.எஸ். டையோடு தடுத்திருக்கும் பாதி நேரமும் அந்த மின்னழுத்தம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சுருளின் மேல் இல்லை, டையோடின் மேல். சுருளின் மேல் விழும் மின்னழுத்தத்தின் ஆர்.எம்.எஸ் 325-இல் பாதி, 162.6 வோல்ட். 162.6-ஐ 3.074-ஆல் பெருக்கினால் சரியாக 500 வருகிறது. சுவர் பிளக்கிலிருந்து பார்த்தால் 707 வோல்ட்-ஆம்பியர் எடுத்து 500 வாட் பயன்படுத்தும் சுமை இது. அதன் திறன் காரணி 0.707. அலைகள் முன்பின்னாக நகர்ந்தால்தான் திறன் காரணி குறையும் என்று படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே எதுவும் நகரவில்லை. மின்னோட்டத்தின் வடிவம் மின்னழுத்தத்தின் வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை, அதுவே போதும்.

அந்த 0.707 காகிதத்தில் மட்டும் இருக்கும் எண் இல்லை. 500 வாட் சுருள் ஒன்றை டையோடு இல்லாமல் நேரடியாக இணைத்தால் 2.17 ஆம்பியர் எடுக்கும். நம் டிரையரும் 500 வாட்தான் தருகிறது, ஆனால் 3.07 ஆம்பியர் எடுக்கிறது. சுவருக்குள் ஓடும் கம்பியும் ஒரு மின்தடைதான். அதன் சூடும் மின்னோட்டத்தின் இருமடியைத்தான் பொறுத்தது. 3.07-ஐயும் 2.17-ஐயும் இருமடியாக்கி ஒப்பிட்டால், அதே 500 வாட்டுக்கு வீட்டுக் கம்பி இரண்டு மடங்கு சூடாகிறது. முழு நிலையில் 4.35 ஆம்பியர் தாங்கும் கம்பிக்கு இதனால் ஆபத்து ஏதும் இல்லை. ஆனால் இழப்பு இழப்புதான்.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் சராசரி மின்னோட்டம் பயனற்றது என்று தோன்றலாம். அப்படியில்லை, கேள்வி மாறினால் விடையும் மாறுகிறது. டையோடையே எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் பாயும்போது சிலிக்கான் டையோடின் மேல் விழும் மின்னழுத்தம் மின்னோட்டத்தோடு சேர்ந்து பெரிதாக ஏறுவதில்லை. சில ஆம்பியர்களில் ஏறத்தாழ 1 வோல்ட் என்றே நிற்கும். மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் பொருளில் திறன் மின்னோட்டத்தின் முதல்படியைப் பொறுத்தது, இருமடியை அல்ல. ஆகவே டையோடின் சூடு 1 வோல்ட் பெருக்கல் சராசரி 1.957 ஆம்பியர், ஏறத்தாழ 2 வாட். ஒரே கம்பியில் ஒரே மின்னோட்டம் ஓடுகிறது. சுருளின் சூட்டுக்கு ஆர்.எம்.எஸ் வேண்டும், டையோடின் சூட்டுக்குச் சராசரி வேண்டும். டையோடு தயாரிப்பவர்கள் தாங்குதிறனைச் சராசரி மின்னோட்டத்தில் குறிப்பது இதனால்தான். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 1N4007 டையோடு 1 ஆம்பியர் சராசரிக்கானது. அதை இந்தச் சுருளுக்குப் போட்டால் 1.957 ஆம்பியரில் சீக்கிரமே எரிந்துபோகும். 3 ஆம்பியருக்கான 1N5408 போட வேண்டும். தலைகீழ் மின்னழுத்தமாக 325 வோல்ட் மட்டுமே வருவதால், 1000 வோல்ட் தாங்கும் இந்த இரண்டுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து தொல்லை இல்லை.

டையோடின் இந்த 2 வாட்டை ஒரு மின்தடையோடு ஒப்பிட்டால்தான், டையோடை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும். சுருளின் சூட்டைப் பாதியாக்க அதோடு தொடராக 21.9 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டாலும் 3.07 ஆம்பியர் வந்துவிடும். ஆனால் அந்த மின்தடையிலேயே 207 வாட் வீணாகும். கைப்பிடிக்குள் அடங்கும் கருவியில் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது?

மின்முலாம் பூசும் தொட்டியிலும் சராசரிதான் ஆளும். பூச்சாகப் படியும் செம்பின் எடை, பாய்ந்த மொத்த மின்னூட்டத்தைப் பொறுத்தது. அது மின்னோட்டத்தின் நேரடிக் கூட்டல். இருமடிக்கு அங்கே இடமில்லை. சராசரி 1.957 ஆம்பியர் உள்ள அரை அலை மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 2.3 கிராம் செம்பு படியும். சீரான 1.957 ஆம்பியர் பாய்ந்தாலும் அதே 2.3 கிராம்தான். ஆனால் தொட்டிக்குப் போகும் கம்பிகள் முதல் வகையில் இரண்டரை மடங்கு அளவுக்கு அதிகம் சூடாகும், 1.57-இன் இருமடி 2.47.

பாதித் திறன் என்ற விடைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: மின்தடை மாறாமல் இருக்க வேண்டும். டிரையரில் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டோடு சிறிதளவே மாறும், ஆகவே கணக்கு நன்றாகவே பொருந்தும். பழைய டங்ஸ்டன் இழை பல்பில் பொருந்தாது. டையோடு போட்டதும் இழையின் வெப்பநிலை இறங்கும். இறங்கினால் அதன் மின்தடை குறையும். குறைந்தால் எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டம் எடுக்கும். 100 வாட் பல்பு 50-க்கு இறங்காமல் 57 வாட் அளவில் நிற்கும். ஆனால் வெளிச்சம் பாதியாக இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்குப் போய்விடும். ஏனெனில் இழையின் ஒளி வெப்பநிலையோடு மிக வேகமாகக் குறைவது. அதோடு, முன்பு நொடிக்கு 100 முறை வந்த துடிப்பு இப்போது 50 முறையாகிவிடுவதால், கண்ணுக்கு அந்த நடுக்கம் தெரியத் தொடங்கும்.

இன்னொரு வரம்பு கருவிக்கு வெளியே, தெருமுனை மின்மாற்றியில் இருக்கிறது. சராசரி 1.957 ஆம்பியர் என்றோமே, அது பாதி அலைச் சுமை மின்வழியிலிருந்து இழுக்கும் நேர்திசை மின்னோட்டம். மாறுதிசைக்கென்று வடிவமைத்த மின்மாற்றியின் இரும்பு உள்ளகம், ஒரு திசையில் மட்டும் தொடர்ந்து இழுபட்டால், சுற்றின் ஒரு பாதியில் காந்தத் தெவிட்டு நிலையை நெருங்கும். அப்போது அது இரைச்சலிடும், சூடாகும், அலையின் வடிவத்தையும் கெடுக்கும். ஒரு டிரையரால் இது நேராது. ஒரே திசையில் டையோடு வைத்த பெரிய ஹீட்டர்கள் ஒரு தெரு முழுக்க ஓடினால் நேரும். அதனால்தான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை, மின்வழியில் நேரடியாக அரை அலைத் திருத்தம் செய்வதைப் பொதுவாகத் தடுத்து, 100 வாட்டுக்கு உட்பட்ட சுமைகளுக்கும், சில நிமிடங்களே பயன்படும் கையடக்கக் கருவிகளுக்கும் மட்டும் விலக்குத் தருகிறது. ஹேர் டிரையர் இந்த விலக்குக்குள் வரும். மணிக்கணக்கில் ஓடும் அறை ஹீட்டர் வராது. அத்தகைய ஹீட்டரில் இரண்டு பாதி அலைகளையும் சமமாக நறுக்கும் டிரையாக் சுற்றுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பாதி அலையின் உச்சியிலிருந்து மட்டும் மின்னோட்டத்தை விட்டால், சூடு அதே பாதி, ஆர்.எம்.எஸ் அதே I_m/2. சராசரி மட்டும் பூச்சியம்.

இதையெல்லாம் அளந்து பார்க்க வீட்டு மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம். அது உயிர்போகும் விளையாட்டு. 12 வோல்ட் தரும் சிறிய மின்மாற்றி ஒன்று, ஒரு 1N4007, 2 வாட் தாங்கும் 100 ஓம் மின்தடை ஒன்று போதும். மூன்றையும் தொடராக இணைத்து மின்தடையின் மேல் அளக்க வேண்டும். மின்மாற்றியின் பெரும மின்னழுத்தம் 17 வோல்ட். இலட்சியக் கணக்கின்படி சராசரி 5.4, ஆர்.எம்.எஸ் 8.5 வர வேண்டும். ஆனால் டையோடு எடுத்துக்கொள்ளும் 0.7 வோல்ட் இந்தச் சிறிய மின்னழுத்தத்தில் புறக்கணிக்கத்தக்கதல்ல. அதைக் கழித்துக் கணக்கிட்டால் சராசரி 5.05-உம் ஆர்.எம்.எஸ் 8.04-உம் வரும்.

மல்டிமீட்டரை டி.சி. நிலையில் வைத்தால் 5.05 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அதுதான் சராசரி, இதுவரை குழப்பம் இல்லை. ஏ.சி. நிலைக்குத் திருப்பியதும் மீட்டரின் சாதி தெரியவரும். ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்’ என்று போட்டிருக்கும் நல்ல மீட்டர்களும் 8.04 காட்டாமல் பெரும்பாலும் 6.25-ஐ ஒட்டியே காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. அது உள்ளே வரும் வழியில் ஒரு மின்தேக்கியை வைத்து நேர்திசைப் பங்கை நிறுத்திவிட்டு, அலையும் பங்கின் ஆர்.எம்.எஸ்-ஐ மட்டும் அளக்கிறது. இரண்டு அளவுகளையும் இருமடியாக்கிக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்:

√(5.05² + 6.25²) = 8.04

மின்தடையில் பிறக்கும் வெப்பம் 8.04²/100, அதாவது 0.65 வாட். 203-உம் 297-உம் சேர்ந்து 500 ஆன அதே கூட்டல்தான் இங்கே மீட்டரின் முகப்பில் நடக்கிறது. சராசரியும் அலைவும் நேரடியாகக் கூடுவதில்லை, இருமடிகளாகவே கூடுகின்றன, 5.05-ஐயும் 6.25-ஐயும் வெறுமனே கூட்டி 11.3 என்று எழுதினால் வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பொய்யாகிவிடும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவு மீட்டர்களில் பலவற்றின் ஏ.சி. நிலை வேறு மாதிரி வேலை செய்கிறது. அவற்றுக்குள்ளேயே ஒரு டையோடு இருக்கும். உள்ளே வருவது சமச்சீரான சைன் அலை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அந்த டையோடு விட்ட பாதியின் சராசரியை 2.22-ஆல் பெருக்கித் திரையில் காட்டும். முழு சைன் அலைக்கு அது சரியான ஆர்.எம்.எஸ் தந்துவிடும். நம் பாதி அலையிலோ, இரண்டு டையோடுகளும் ஒரே திசையில் அமைந்தால், பாதி எதுவும் வெட்டுப்படாமல் கடந்துபோய், 5.05 × 2.22, அதாவது 11 வோல்ட் அளவுக்குத் திரையில் வரும். மின்மாற்றியில் நேரடியாக அளந்தாலும் ஏறக்குறைய இதே அளவுதான் காட்டும் என்பதால், டையோடு எதையும் குறைக்கவில்லை என்று நினைக்க இடமுண்டு. சோதனைக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், மீட்டரின் டையோடு எதிர்த்திசையில் நிற்கும். அளவு பூச்சியத்துக்கு இறங்கிவிடும். கம்பியை மாற்றினால் ஏ.சி. அளவு மாறக் கூடாது. மாறினால், அளக்கும் அலை ஒருபக்கம் சாய்ந்தது என்றும், அந்த மீட்டரின் ஏ.சி. எண்ணை வெப்பக் கணக்கில் போடக் கூடாது என்றும் கண்டுகொள்ளலாம். அத்தகைய மீட்டரே கையில் இருக்கிறதென்றால் டி.சி. நிலையில் அளந்து, கிடைத்ததை 1.57-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: 5.05-க்கு 7.9 வரும். சரியான 8.04-க்கு இது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு குறைவு. அந்தக் குறைவும் டையோடின் 0.7 வோல்ட் அலையின் அடிப்பகுதியை வெட்டி, திமிலைக் கொஞ்சம் ஒடுக்கிவிடுவதால் வருவது.